அழுத்தினால் மட்டும் மின்சாரம் பிறக்காது

ஒரு படிகத்தை அழுத்தினால் அதனுள் இருக்கும் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் தத்தம் இடத்தை விட்டு நகருகின்றன என்றும், அந்த நகர்ச்சியின் பயனாகவே படிகத்தின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது என்றும், இதற்கே பீசோ மின்சாரம் அல்லது அழுத்த மின்சாரம் என்று பெயர் என்றும் வகுப்பறைகளில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் ஒரு விதிவிலக்கைப் போல, இந்த விளைவு சமச்சீர் மையம் இல்லாத படிகங்களில் மட்டுமே காணப்படும் என்று ஒரு வாக்கியம் ஒட்டவைக்கப்படுகிறது. மாணவன் முதல் பகுதியைக் காரணம் என்று நம்பி மனத்தில் பதித்துக்கொள்கிறான். கடைசி வாக்கியத்தை ஒரு நிபந்தனையாகப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறான். இந்த வரிசையே தலைகீழானது என்பது என் துணிபு. எது காரணமென்று கற்பிக்கப்படுகிறதோ அது காரணமன்று. எது அடிக்குறிப்பாகத் தள்ளப்பட்டிருக்கிறதோ அதிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த விளக்கத்தை அதன் சொல்லுக்கே கட்டுப்படுத்திப் பார்ப்போம். மின்னேற்றமுள்ள அயனிகள் வேண்டும், அவை அழுத்தத்தால் அசையவும் வேண்டும் என்பதுதான் அதன் சாரமென்றால், நம் சமையலறையில் இருக்கும் கல்லுப்பைக் காட்டிலும் உத்தமமான அழுத்த மின்படிகம் வேறொன்று இருக்க முடியாது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கப்பட்ட அந்தக் கனசதுரத்தில் மின்னேற்றத்துக்குப் பஞ்சமில்லை. அசைவுக்கும் பஞ்சமில்லை, ஒரே அளவு அழுத்தத்துக்குக் கல்லுப்பு, குவார்ட்ஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குகிறது. ஆனால் பரிசோதனை சொல்வது வேறு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குவார்ட்ஸ் தகட்டை, அதன் மின்அச்சு என்று சொல்லப்படும் எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டி எடுத்து, அதன்மேல் 100 நியூட்டன் விசையை, அதாவது சுமார் பத்து கிலோகிராம் எடையை வைத்தால், ஒரு நியூட்டனுக்கு 2.3 பிக்கோகூலும் வீதம் 230 பிக்கோகூலும் மின்னேற்றம் அதன் முகங்களில் தோன்றுகிறது. அந்தத் தகட்டின் மின்தேக்குதிறன் சுமார் 4 பிக்கோஃபாரட். ஆகவே மின்னேற்றம் கசியாமலும் அளக்கும் கருவியால் பங்கிடப்படாமலும் இருந்தால் இரு முகங்களுக்கும் இடையே 58 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழவேண்டும். அதே அளவில் கல்லுப்புத் தகடு ஒன்றைச் செதுக்கி, அதே எடையை வைத்தால் கிடைப்பது பூஜ்யம். சிறிய அளவு என்று சொல்லவில்லை. பூஜ்யம் என்றே சொல்கிறேன். மின்னேற்றமும் அதிகம், அசைவும் அதிகம், ஆனால் பலன் இல்லை என்றால், மின்னேற்றமும் அசைவும் காரணம் என்ற சித்தாந்தம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

சமச்சீர் மையம் என்பது என்னவென்று இப்போது பார்க்கவேண்டும். படிகத்துக்குள் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஏதேனும் ஓர் அணுவுக்கு ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை எதிர்ப்புறமாக அதே தூரம் நீட்டினால், முடிவில் அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் அணு நிற்கவேண்டும். எந்த அணுவை எடுத்துக்கொண்டாலும் இது பிசகாமல் நடந்தால், அந்தப் புள்ளி சமச்சீர் மையம். அந்தப் புள்ளியின் வழியாகப் படிகம் முழுவதையும் மறுபுறம் மாற்றிப் போட்டாலும் அது முன்பிருந்தபடியே இருக்கும். இனி அந்தப் படிகத்தை இடமும் வலமும் இருந்து உள்நோக்கி அழுத்துவதாக வைத்துக்கொண்டு, படிகத்தோடு அழுத்தத்தையும் சேர்த்து அதே விதமாக மாற்றிப் போடுவோம். இடது முகத்தில் வலம் நோக்கி அழுத்திய விசை, வலது முகத்துக்குப் போய் இடம் நோக்கி அழுத்தும். வலது முகத்து விசை இடது முகத்துக்கு வந்து வலம் நோக்கி அழுத்தும். ஆகவே அழுத்தமும் முன்பிருந்தபடியே இருக்கிறது. சறுக்கிச் சாய்க்கும் விசைகளை எடுத்துக்கொண்டாலும் இதுவே முடிவு. ஆனால் படிகத்தினுள் மின்முனைவாக்கம் உண்டாகியிருந்தால், அது எதிர்மின்னிலிருந்து நேர்மின்னை நோக்கி நீட்டிய ஓர் அம்பு. மாற்றிப் போடும்போது அந்த அம்பு மட்டும் திசை திரும்பிவிடும். அதே படிகம், அதே அழுத்தம், ஆனால் எதிர்த்திசையில் ஓர் அம்பு. ஒரே காரணத்திலிருந்து ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரியங்கள் விளைய முடியாது. இடமும் வலமும் ஒருங்கே காட்டக்கூடிய அம்பு ஒன்றுதான் உண்டு. அது நீளமே இல்லாத அம்பு.

இந்த வாதத்தில் அயனி என்ற சொல் எங்கும் வரவில்லை என்பதையும், அழுத்தம் சிறியதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோ, தோராயமான கணக்கு என்ற சலுகையோ எங்கும் கேட்கப்படவில்லை என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். அழுத்தத்தை நூறு மடங்காக்கினாலும், படிகம் நொறுங்காமலும் அதன் அமைப்பு மாறாமலும் இருக்கும்வரை, விடை மாறாது. பியேர் கியூரி 1894ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதையே பொது விதியாக நிலைநாட்டினார்: ஒரு காரியத்தில் காணப்படும் சமச்சீரின்மை அதன் காரணத்திலும் இருந்தே தீரவேண்டும். அழுத்தத்தில் அந்தச் சமச்சீரின்மை இல்லை என்பதை இப்போது கண்டோம். ஆகையால் அது படிகத்திலேதான் இருந்தாகவேண்டும்.

இதை வெறும் கணித ஜாலம் என்று ஒதுக்கிவிட்டு, உள்ளே உண்மையில் நடப்பது என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுடைய கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. கல்லுப்பில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன: மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் என எதிரெதிராக நிற்கும் மூன்று ஜோடிகள். மேலிருந்து அழுத்தும்போது மேல்கீழ் ஜோடி நெருங்கிவருகிறது. மற்ற இரண்டு ஜோடிகளும் சற்று விலகுகின்றன. ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையே பேதம் உண்டாகிவிட்டது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் இரண்டு அண்டை அயனிகளும் சமதூரத்திலேயே இருக்கின்றன. மேலிருப்பது தள்ளுகிற அளவுக்குக் கீழிருப்பதும் தள்ளுகிறது. சோடியம் எந்தப் பக்கம் போகும்? போக அதற்கு ஒரு திசையே கிடையாது. நகர்ச்சி என்ற சொல்லை இரண்டு பொருளில் கலந்து வழங்குவதுதான் பழைய விளக்கத்தின் மூலப் பிழை. அயனிகள் ஒன்றையொன்று நெருங்குவது ஒரு சங்கதி. நேர்மின் அயனிகளின் கூட்டம் முழுவதும் எதிர்மின் அயனிகளின் கூட்டத்தைவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்குவது வேறொரு சங்கதி. முதலாவது எல்லாப் படிகங்களிலும் நிகழ்கிறது. இரண்டாவதுதான் முகத்தில் மின்னேற்றத்தைக் கொண்டுவருவது.

அந்த இரண்டாவது எப்படி நேர்கிறது என்பதைக் காணத் துத்தநாக சல்பைடைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன். இதன் கனசதுர வடிவமும் கல்லுப்பைப் போலவே இரண்டே தனிமங்களால் ஆனது. ஆனால் இங்கே ஒவ்வொரு துத்தநாக அணுவையும் சூழ்ந்திருப்பவை நான்கு கந்தக அணுக்கள். அவை ஒரு நான்முகியின் நான்கு மூலைகளில் நிற்கின்றன. ஒரு கந்தகத்திலிருந்து துத்தநாகத்தின் வழியாகக் கோட்டை நீட்டிப் பாருங்கள். எதிர்ப்புறத்தில் கந்தகம் இல்லை, மூன்று கந்தகங்களுக்கு இடையேயுள்ள வெறும் வெளிதான் இருக்கிறது. இந்தப் படிகத்தைக் கனசதுரத்தின் மூலைவிட்டத் திசையில், அதாவது ஒரு கந்தகம் நேர் மேலேயும் மற்ற மூன்று கீழேயும் இருக்கும்படி நிறுத்தி அழுத்தினால், மேலே உள்ள ஒற்றைப் பிணைப்பு தன் நீளவாக்கிலேயே நசுக்கப்படுகிறது. கீழே உள்ள மூன்று பிணைப்புகளோ குடைக்கம்பிகளைப் போல் அகல விரிந்து கொடுக்கின்றன. பிணைப்பின் நீளத்தைக் குறைப்பது கடினம். பிணைப்புகளுக்கு இடையேயுள்ள கோணத்தை மாற்றுவது சுலபம். மேலே கடினம், கீழே சுலபம் என்று ஆனபின் துத்தநாகம் நடுவில் நிற்க முடியுமா? நான்கு கந்தகங்களின் மையத்தைவிட்டு அது சற்றே ஒதுங்குகிறது. படிகத்தில் உள்ள எல்லா நான்முகிகளும் ஒரே திசையை நோக்கியிருப்பதால் எல்லாத் துத்தநாகங்களும் ஒரே பக்கமாக ஒதுங்குகின்றன. முகத்தில் மின்னேற்றம் தோன்றுகிறது.

அதே படிகத்தை மூலைவிட்டத் திசையில் அன்றிக் கனசதுரத்தின் முகத்துக்கு நேராக அழுத்தினால் ஒன்றும் கிடைக்காது. அந்த நிலையில் துத்தநாகத்துக்கு மேலே இரண்டு கந்தகங்களும் கீழே இரண்டு கந்தகங்களும் இருக்கின்றன. இரு ஜோடிகளும் சமமாக விட்டுக்கொடுக்கின்றன. மையம் இல்லை என்பது கதவு பூட்டப்படவில்லை என்பதற்கு அத்தாட்சியே ஒழிய, எந்தத் திசையில் தள்ளினாலும் கதவு திறக்கும் என்பதற்கு அத்தாட்சி அன்று.

இன்னொரு கொள்கையும் பரவலாக இருக்கிறது. முதலாவதைக் காட்டிலும் படித்தவர்களிடையே இது அதிகம். இத்தகைய படிகங்களுக்குள் நிலையான மின் இருமுனைகள் இருக்கின்றன என்றும், அழுத்தம் அவற்றின் நீளத்தை மாற்றுவதால்தான் மின்சாரம் தோன்றுகிறது என்றும் இவர்கள் சொல்வார்கள். டூர்மலினுக்கு இது பொருந்தும்; அதற்கு நிலையான முனைவாக்கம் உண்டு, சூடாக்கினாலே அதில் மின்னேற்றம் தோன்றும். 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் இந்த விளைவைத் தேடிப் புறப்பட்டதற்கே அந்த வெப்ப மின்சாரம்தான் தூண்டுகோல். ஆனால் அவர்கள் கண்டுபிடித்தவற்றில் மிகப் பிரசித்தி பெற்ற குவார்ட்ஸுக்கு நிலையான முனைவாக்கம் கிடையாது. அதன் மூன்று மின்அச்சுகளும் ஒரே தளத்தில் 120 பாகை இடைவெளியில் அமைந்து ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன. ஒரு திசையில் மட்டும் அழுத்தும்போது இந்தச் சரிக்கட்டல் கலைகிறது; அதுவே குவார்ட்ஸின் மின்சாரம். இதைப் பரிசோதித்துப் பார்க்க வழியும் இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் எண்ணெயில் மூழ்கடித்து எல்லாப் பக்கமும் சமமான அழுத்தம் கொடுத்தால் டூர்மலின் மின்னேற்றம் தரும், குவார்ட்ஸ் தராது. நீருக்கடியில் வெடிப்பின் அழுத்தத்தை அளக்க டூர்மலினைப் பயன்படுத்தியதற்கு இதுவே ஆதாரம். படிகங்களின் 32 வகுப்புகளில் அழுத்த மின்சாரம் சாத்தியமான வகுப்புகள் 20. அவற்றுள் நிலையான முனைவாக்கம் உடையவை 10 மட்டுமே. பாதிக்குப் பொருந்தாத ஒன்றை முழுமைக்கும் காரணமென்று எப்படிச் சொல்வது?

எல்லாவற்றிலும் வலுவான சாட்சியம் பேரியம் டைட்டனேட் என்ற பொருளிடமிருந்து கிடைக்கிறது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அங்கே அணுக்களை மாற்றாமலே அமைப்பை மட்டும் மாற்றிப் பார்க்க முடிகிறது. சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் கட்டமைப்பு கனசதுரம். டைட்டேனியம் அயனி, தன்னைச் சூழ்ந்த ஆறு ஆக்ஸிஜன்களின் நட்டநடுவில் இருக்கிறது. சமச்சீர் மையம் உண்டு. அந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்கியதும் டைட்டேனியம் ஓர் ஆக்ஸிஜனை நோக்கிச் சற்றே விலகி நிற்கிறது, மையம் போய்விடுகிறது. அதே பேரியம், அதே டைட்டேனியம், அதே ஆக்ஸிஜன், அதே மின்னேற்றங்கள். ஆயினும் 150 டிகிரியில் சீராக அழுத்தினால் பலனில்லை, அறையின் வெப்பத்தில் அழுத்தினால் குவார்ட்ஸைவிடப் பல மடங்கு மின்னேற்றம் கிடைக்கிறது.

இதே பொருளைத் தூளாக்கிச் சுட்டுப் பீங்கானாகச் செய்தால் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. சூளையிலிருந்து எடுத்த பீங்கானில் ஒவ்வொரு நுண்மணிக்கும் சமச்சீர் மையம் கிடையாது; எனினும் மணிகள் எல்லாத் திசைகளையும் நோக்கிக் கலைந்து கிடப்பதால் பீங்கான் முழுவதையும் ஒன்றாக நோக்கும்போது எந்தத் திசைக்கும் எதிர்த்திசைக்கும் பேதமில்லை. அதை அழுத்தினால் ஒன்றும் வராது. சூடாக்கி, வலுவான மின்புலத்தில் வைத்து, அப்படியே குளிரச் செய்த பிறகுதான் மணிகளின் முனைவாக்கங்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கின்றன. கேஸ் அடுப்பைப் பற்றவைக்க நாம் அழுத்தும் லைட்டருக்குள் இருப்பது இவ்விதம் மின்புலத்தில் பக்குவப்படுத்திய பீங்கான்தான். பக்குவப்படுத்தாத துண்டு ஒன்றை அதில் வைத்தால், எத்தனை முறை தட்டினாலும் பொறி பறக்காது.

எதிர்த்தரப்பார் கைவசம் வைத்திருக்கும் ஆட்சேபங்களில் இரண்டு பதில் சொல்லத் தகுந்தவை. சமச்சீர் மையம் இல்லாத வகுப்புகள் 21 ஆயிற்றே, அழுத்த மின்சாரம் உடையவை 20தானே, எஞ்சிய ஒன்று உங்கள் கொள்கையைப் பொய்யாக்கவில்லையா என்பது முதலாவது. மையமின்மை அவசியமான நிபந்தனை என்றுதான் சொன்னேனே தவிர, போதுமான நிபந்தனை என்று சொல்லவில்லை. அந்த ஒரு வகுப்பு கனசதுரச் சுழற்சிகள் அனைத்தையும் உடையது. கனசதுரப் படிகங்களில் மிஞ்சக்கூடிய ஒரே அழுத்த மின்விளைவு, ஒரு தளத்தில் சறுக்கிச் சாய்க்கும் விசை அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக மின்முனைவாக்கம் உண்டாக்குவது. படிகத்தை அந்தச் செங்குத்து அச்சைப் பற்றிக் கால் வட்டம் சுழற்றினால், சாய்க்கும் விசை குறி மாறுகிறது, செங்குத்தான அம்போ அசையாமல் நிற்கிறது. இந்த வகுப்பில் கால் வட்டச் சுழற்சியும் படிகத்தை மாற்றுவதில்லை. முன்பு கண்ட அதே முரண்பாடு, அதே பூஜ்யம். துத்தநாக சல்பைடிலோ கால் வட்டம் சுழற்றுவதோடு மேல்கீழாகக் கவிழ்க்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே விசையோடு அம்பும் சேர்ந்து குறி மாறி, முரண்பாடு நீங்குகிறது. அந்த ஒற்றை வகுப்பு நம் வாதத்தைப் பொய்யாக்கவில்லை. அதே வாதத்துக்கு மேலும் ஒரு முறை கட்டுப்படுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. சமச்சீர் மையம் உள்ள படிகத்தை வளைத்தால் அதிலும் மின்முனைவாக்கம் உண்டாகிறதே என்று கேட்பார்கள். உண்டாவது உண்மை, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் ஒற்றைப் படிகங்களை வளைத்து அதை அளந்தும் 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் வளைப்பது வேறு, சீராக அழுத்துவது வேறு. வளைந்த கம்பியின் மேற்புறம் நீண்டிருக்கிறது, கீழ்ப்புறம் சுருங்கியிருக்கிறது. மேலுக்கும் கீழுக்கும் பேதத்தை வளைவே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. படிகத்தில் இல்லாத சமச்சீரின்மை காரணத்தின் மறுபாதியிலிருந்து வந்தது. கியூரியின் விதிக்கு இது விரோதம் அன்று, நேரான உதாரணம். இரண்டையும் பிரித்தறிவதும் கடினமில்லை: தகட்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அதே அளவு திரிபுக்கு வளைவின் விளைவு வளர்ந்துகொண்டே போகும், அழுத்த மின்சாரத்தின் கெழுவோ தகட்டின் அளவைப் பொறுத்ததன்று.

இந்தப் பிரித்தறியும் வழிகளை நான் வற்புறுத்துவதற்குச் சொந்த அனுபவமும் ஒரு காரணம். மாணவனாக இருந்த காலத்தில் கல்லுப்புக் கட்டி ஒன்றைச் செதுக்கி உலோகத் தகடுகளுக்கு இடையே வைத்து அழுத்தியபோது மின்மானி அசைந்தது. உடன் இருந்த ஆசிரியர், பாருங்கள், உப்பிலும் அழுத்த மின்சாரம் இருக்கிறது, நம் கருவி நுட்பமானதால் தெரிகிறது என்று சொன்னார். நாங்களும் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம். மறுநாள்தான் கட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து அழுத்திப் பார்த்தேன். அழுத்த மின்சாரமானால் மேல் தகட்டின் மின்னேற்றம் குறி மாறவேண்டும், மாறவில்லை. எடையை எடுத்ததும் எதிர்க்குறியில் அதே அளவு மின்னேற்றம் திரும்பவேண்டும், திரும்பவில்லை. முகங்களில் வெள்ளிப் பூச்சு பூசி, ஈரமில்லாமல் உலர்த்தி, உராயாமல் மெல்ல எடையை ஏற்றியபோது மின்மானி அசையவே இல்லை. முதல் நாள் கண்டது உலோகமும் உப்பும் உராய்ந்ததால் எழுந்த மின்னேற்றம். அசைந்த முள்ளைப் பார்த்துவிட்டுச் சமச்சீரை மறப்பது எவ்வளவு எளிது என்பதை அன்று அறிந்தேன்.

மறுபக்கத்திலும் ஏமாற்றம் உண்டு. மையமே இல்லாத குவார்ட்ஸ் தகடும் சில வேளை ஒன்றும் தராமல் போகும். டாஃபினே இரட்டை என்று பெயர் பெற்ற குறைபாட்டில், படிகத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைப் பார்க்க நீள அச்சைப் பற்றி அரை வட்டம் சுழன்று வளர்ந்திருக்கும். இரண்டின் மின்அச்சுகளும் நேர் எதிராக நிற்கும். இரண்டும் சம அளவில் கலந்திருந்தால் ஒன்று தரும் நேர்மின்னை மற்றது தரும் எதிர்மின் விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தகட்டில் இதைக் கண்டுபிடிக்க, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் முகத்தை அரித்துவிட்டுச் சாய்ந்த ஒளியில் பார்க்கவேண்டும். இரு பகுதிகளும் வெவ்வேறாக மின்னும். நல்ல தகட்டையும் 573 டிகிரிக்கு மேல் ஏற்றிக் குளிரவைத்தால் இந்த இரட்டை உண்டாகிவிடக்கூடும்.

ஆசிரியர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான். அழுத்த மின்சாரப் பாடத்தைக் குவார்ட்ஸிலிருந்து தொடங்காமல் உப்பிலிருந்து தொடங்குங்கள். உப்பில் ஏன் வரவில்லை என்று முதலில் கேளுங்கள். ஆறு குளோரைடுகளைக் கரும்பலகையில் வரைந்து, சோடியம் எந்தப் பக்கம் போகும் என்று மாணவனையே சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் நான்கு கந்தகங்களை வரைந்து அதே கேள்வியைக் கேளுங்கள்.